ஒரு கடைக்கு இரண்டு குமாஸ்தாவா? மோடமும் ரவுட்டரும் ஒரே வேலையைச் செய்யும்போது



கடைக்கு ஃபைபர் இணைப்பு எடுத்தால், இணைப்பு தரும் நிறுவனத்தார் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதை நாம் மோடம் என்கிறோம். சில மாதம் கழித்து, வைஃபை கல்லாப்பெட்டி வரை எட்டவில்லை என்றோ, மாடியில் உள்ள அலுவலகத்துக்கு வேண்டும் என்றோ நாமே ஒரு ரவுட்டர் வாங்கி மோடத்தின் பின்னால் இணைக்கிறோம். இணையம் வருகிறது, பில் போடுகிறது, எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு நாள் கிட்டங்கியிலிருந்து கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் வழி அடைபட்டிருப்பது தெரிகிறது. சில உறுப்பினர்கள் இதற்காக இன்னொரு புது ரவுட்டரே வாங்கியிருக்கிறார்கள். பழையதில் பழுதே இல்லை. ஆகவே இந்த இதழில் அந்த அடைப்பு எங்கே ஏற்படுகிறது, பிரிட்ஜ் முறையால் அதை எப்படி எடுப்பது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நிறுவனம் நம் கடைக்குத் தருவது ஒரே ஒரு முகவரி எண். ஊருக்கெல்லாம் தெரியும் எண் என்பதால் அதைப் பொது எண் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள்ளே இருப்பதோ பில் கம்ப்யூட்டர், செல்போன்கள், பிரிண்டர், கேமராப் பெட்டி என்று பத்துப் பொருள்கள். அவற்றுக்கு ரவுட்டர் தானே உள் எண்களைக் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் உள் எண்களே. உள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டர் வெளியே ஒன்றைக் கேட்டால், வாசலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா தன் ஏட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, கடையின் பொது எண்ணைப் போட்டு அனுப்புகிறார். பதில் வந்ததும் ஏட்டைப் புரட்டி, கேட்டவரிடம் சேர்க்கிறார். இந்த வேலைக்குத்தான் முகவரி மாற்றம் என்று பெயர். தொழில்நுட்பக்காரர்கள் நேட் என்பார்கள்.

ஏட்டில் வரி இல்லாமல் வெளியிலிருந்து ஒரு சரக்கு வந்தால் குமாஸ்தா அதைத் திருப்பிவிடுவார், யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. "இன்ன கதவு எண்ணுக்கு வருவதை இந்தக் கம்ப்யூட்டரிடம் கொடு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் உள்ளே விடுவார். ரவுட்டரில் போர்ட் திறப்பது என்று சொல்வது இதைத்தான்.

இப்போது மோடமும் ஒரு குமாஸ்தா, நாம் வாங்கிய ரவுட்டரும் ஒரு குமாஸ்தா. வெளியே போகும் சரக்கு இரண்டு ஏட்டிலும் பதிவாகி, இரண்டு முறை முகவரி மாறிப் போகிறது. பதிலும் இரண்டு கை மாறி வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே பில் மென்பொருள், ஜிஎஸ்டி தளம், வங்கி, யூபிஐ, வாட்ஸ்அப் எதிலும் குறை தெரியாது. கேமராவைச் செல்போனில் பார்க்கும் இன்றைய செயலிகளும் பெரும்பாலும் தாமே வெளியே போய்ப் பேசுபவை, அவையும் ஓடும். இரண்டு குமாஸ்தாவால் நெட் வேகம் பாதியாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவதுண்டு, அது சரியல்ல. கடையில் மேற்சொன்ன வேலைகள் மட்டும்தான் நடக்கின்றன, யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை என்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

தொல்லை வருவது இரண்டு இடத்தில். முதலாவது, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய வேலை. இரண்டாவது, கடைக்குள்ளேயே ஒருவரை ஒருவர் காணாமல் போவது. கல்லாவில் உள்ள டேப்லட் மோடத்தின் வைஃபையில் இருக்கும், பில் கம்ப்யூட்டர் மாடியில் ரவுட்டரில் இருக்கும். டேப்லட்டுக்குக் கம்ப்யூட்டர் கண்ணில் படவே படாது, நடுவில் ரவுட்டர் குமாஸ்தா மறித்து நிற்கிறார். இரண்டும் நாலடி தூரத்தில் இருந்தாலும் அவை இரண்டு வேறு தெருக்கள்.

ஒரு உறுப்பினரின் கடையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம். பஜாரில் கடை, ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிட்டங்கி. இருப்புக் கணக்கு கடைக் கம்ப்யூட்டரில். எத்தனை மூட்டை உளுந்து நிற்கிறது என்று பார்க்கக் கிட்டங்கி ஆள் ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போன் போட வேண்டும். கல்லாவில் கூட்டமாக இருந்தால் போனை எடுக்க ஆள் இல்லை. ஒரு நாள் இல்லாத சரக்குக்குப் பில் போட்டு, வண்டி வந்து காத்துக்கிடந்து, வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் கிட்டங்கிக்கும் கடைக்கும் நடுவே விபிஎன் என்னும் பூட்டிய தனிப்பாதை போட முடிவு செய்தார்கள். ரவுட்டரிலேயே அந்த வசதி இருந்தது. அதற்கு 1194 என்ற கதவு எண். ரவுட்டர் பக்கத்தில் எல்லாம் சரியாக எழுதியும் கிட்டங்கியிலிருந்து இணைப்பு வரவில்லை. ரவுட்டரைப் பழி சொல்லி மாற்றப்போகும் சமயத்தில், வந்து பார்த்த தம்பி சொன்னது இது: "அண்ணாச்சி, உள்கதவைத்தான் நாம திறந்திருக்கோம். முன்கதவு பூட்டியேதான் இருக்கு. அந்தக் கதவு மோடத்துல இருக்கு."

அவர் சொன்னது சரிதானா என்று சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ரவுட்டரோடு இணைந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து இப்படித் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
tracert -d -h 4 8.8.8.8
```

வெளியே போகும் வழியில் முதல் நான்கு படிகளை இது வரிசையாகக் காட்டும். அந்தக் கடையில் முதல் இரண்டு வரிகள் இவை:

```
  1    <1 ms    <1 ms    <1 ms  192.168.0.1
  2     1 ms     1 ms     1 ms  192.168.1.1
```

முதல் வரி நாம் வாங்கிய ரவுட்டர். இரண்டாவது வரி மோடம். இரண்டும் உள் எண்கள், இரண்டும் நம் கடைக்குள்ளேயே இருப்பவை. ஆகவே இரண்டு குமாஸ்தா. இதையே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்திலும் உறுதி செய்யலாம். அங்கே WAN IP என்ற இடத்தில் 192.168.1.5 என்று இருந்தது. ரவுட்டர் தெருவைப் பார்த்து நிற்கவில்லை, மோடத்தின் முதுகைப் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்த சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியமானது. மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் அதன் WAN IP என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு பிரௌசரில் what is my ip என்று தேடி, வெளியுலகம் நம் கடையை எந்த எண்ணில் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போது வரும் எண்களில் நான்கு பகுதிகளாகப் புள்ளி வைத்து எழுதியதை எடுத்துக்கொள்ளவும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது எண் மோடம் வரை வந்துவிட்டது. அந்தக் கடையில் இரண்டும் 203.0.113.47 என்று ஒத்திருந்தன. (உண்மை எண்ணை அச்சிடக்கூடாது என்பதால், விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண் வரிசையிலிருந்து ஒன்றை இங்கே போட்டிருக்கிறோம்.)

ஒத்துப்போகாமல், மோடத்தின் எண் 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்தில் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, நிறுவனத்தின் அலுவலகத்திலேயே மூன்றாவதாக ஒரு பெரிய குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். பொது எண்கள் தட்டுப்பாடு என்பதால் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இதற்கெனவே 100.64 வரிசை 2012-இல் ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட இணைப்பில் மோடத்தை பிரிட்ஜ் செய்தால் நம் கடைக்குள் இருக்கும் ஒரு குமாஸ்தா போவார், நிறுவனத்தின் குமாஸ்தா போக மாட்டார். வெளியிலிருந்து உள்ளே வரும் வேலை அப்போதும் நடக்காது. முதலில் நிறுவனத்தாரிடம் பேசி, தனிக் கட்டணம் கட்டியாவது பொது எண் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் தர மறுத்தால் பிரிட்ஜ் வேலையில் இறங்கி ஒரு நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்றொரு உறுப்பினர் கடையில் மோடத்தின் எண் 100.72 என்று தொடங்கியது. அவரிடம் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பிரிட்ஜ் என்றால் பாலம். மோடத்தில் அந்த முறையை வைத்தால் அது ஏடு எழுதுவதை நிறுத்திவிடும். ஃபைபரில் வருவதை அப்படியே கேபிளில் மாற்றிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலையாகிவிடும். பொது எண் நேராக நம் ரவுட்டருக்கு வந்துவிடும். கடையில் குமாஸ்தா ஒருவரே.

மோடத்தில் கைவைக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. நிறுவனத்தின் அலுவலகத்தோடு இதுவரை பேசிவந்தது மோடம். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்துக்குள் இருக்கின்றன. திரையில் PPPoE என்று இருந்தால் அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் இனி ரவுட்டருக்கு வேண்டும். மோடத்தில் கடவுச்சொல் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும், பார்த்து எழுதிக்கொள்ள முடியாது. நிறுவனத்தாரிடம்தான் கேட்க வேண்டும். "மோடத்தை பிரிட்ஜ் செய்து எங்கள் ரவுட்டரிலிருந்து இணைக்கப்போகிறோம்" என்றும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. சில நிறுவனங்கள் பழைய பெட்டியின் அடையாள எண்ணோடு இணைப்பைக் கட்டி வைத்திருப்பார்கள், அதை அவிழ்த்துவிட வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் அங்கிருந்தபடியே பிரிட்ஜ் செய்து தருவார்கள். சிலர் முடியாது என்பார்கள், அதற்கு வழி பின்னால் சொல்கிறோம்.

மோடத்தின் இணைப்புப் பக்கம் முழுவதையும் செல்போனில் படம் எடுத்துவைக்கவும். குறிப்பாக VLAN ID என்ற எண். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், ஒரு இலக்கம் தவறினாலும் இணைப்பு வராது. எதுவும் சரிவராவிட்டால் மோடத்தின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தானை ஊசியால் குத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சில மோடங்களில் நிறுவனம் வைத்த அமைப்பும் அதோடு அழிந்துபோகும். பிறகு அவர்கள் ஆள் வந்தால்தான் உண்டு.

நேரமும் பார்க்க வேண்டும். இரவு கடை அடைத்துவிட்டு நிதானமாகச் செய்யலாம் என்று தோன்றும். பத்து மணிக்கு மேல் தகராறு வந்தால் நிறுவனத்தில் விவரம் தெரிந்தவர் போனை எடுக்க மாட்டார். வார விடுமுறை நாளில், பகலில் செய்வதே உத்தமம். பில் கம்ப்யூட்டருக்குச் செல்போன் மூலம் நெட் கொடுக்க முடிகிறதா என்று அதற்கு முன்பே ஒரு தடவை பார்த்துவைக்கவும்.

மாற்றம் செய்யும் முறை இது. கம்ப்யூட்டரை மோடத்தோடு நேராகக் கேபிளில் இணைத்து, 192.168.1.1 என்ற பக்கத்துக்குப் போக வேண்டும். மோடத்தின் அடியில் ஒட்டிய தாளில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளவும். WAN என்ற பகுதியில் இணைப்புகள் வரிசையாக இருக்கும். இணையத்துக்கான வரி ஒன்று. தரைவழித் தொலைபேசியும் அதே மோடத்தில் இருந்தால் VOIP என்றோ VOICE என்றோ தனி வரி ஒன்று இருக்கும். இந்த இரண்டாவது வரியைத் தொடவே கூடாது. தொட்டால் கடைப் போன் செத்துவிடும். ஆர்டர் எல்லாம் அந்த எண்ணில் வரும் கடைகளுக்கு இது நெட் போவதைவிடப் பெரிய நஷ்டம்.

இணையத்துக்கான வரியில் Route என்று இருப்பதை Bridge என்று மாற்ற வேண்டும். VLAN ID எண்ணை இருந்தபடியே விட வேண்டும். எந்த சாக்கெட்டுக்கு என்று கேட்டால் LAN1 மட்டும் தேர்ந்தெடுக்கவும். பிறகு மோடத்தின் வைஃபையை அணைத்துவிடவும். அது எரிந்துகொண்டிருந்தால் செல்போன்கள் பழைய பழக்கத்தில் அதையே பிடித்துக்கொண்டு நெட் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். சேமித்துவிட்டு, LAN1 சாக்கெட்டிலிருந்து ரவுட்டரின் WAN சாக்கெட்டுக்குக் கேபிள் போட வேண்டும். ரவுட்டரின் பக்கத்தில் இணைப்பு வகையை PPPoE என்று மாற்றி, வாங்கிவைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத வேண்டும். இரண்டு பெட்டியையும் அணைத்து, மோடத்தை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பின் ரவுட்டரைப் போடவும்.

உடனே இணைப்பு வராமல் போகலாம், பதற வேண்டாம். ஒரு பெயரில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது நிறுவனங்களின் வழக்கம். மோடம் விட்டுப்போன பழைய வரவு அவர்கள் கணக்கில் இன்னும் கழிக்கப்படாமல் இருந்தால், ரவுட்டரை உள்ளே விடமாட்டார்கள். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் போன் செய்து அந்த வரவைக் கழிக்கச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்பதையும் அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

இணைப்பு வந்ததும் ரவுட்டரின் WAN IP என்ன என்று பார்க்க வேண்டும். அந்தக் கடையில் 192.168.1.5 இருந்த இடத்தில் பொது எண் வந்து நின்றது. tracert ஓட்டிப் பார்த்தபோது 192.168.1.1 என்ற வரியே இல்லை. கிட்டங்கியிலிருந்து முயன்றார்கள், முதல் முயற்சியிலேயே விபிஎன் இணைந்துவிட்டது.

ஆனால் அதே நேரத்தில் கல்லாவில் இருந்த இரண்டாவது பில் மெஷினில் நெட் போய்விட்டது. காரணம் எளிது. அதன் கேபிள் ரவுட்டரில் இல்லை, முதல் நாளிலிருந்தே மோடத்தின் LAN2 சாக்கெட்டில் சொருகியிருந்தது. மோடம் இப்போது யாருக்கும் எண் கொடுப்பதில்லை. மோடத்தில் நேராகச் சொருகியிருக்கும் எல்லாக் கேபிள்களையும், கேமராப் பெட்டி உட்பட, ரவுட்டருக்கு மாற்றியாக வேண்டும். கீழ்த்தளத்துக் கல்லாவுக்கு மாடியிலிருந்து ஒரு புதுக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. இந்தக் கேபிள் நீளத்தை முதலிலேயே அளந்து வாங்கிவைத்தால் கடைக்கு அலைச்சல் மிச்சம்.

சில தளங்கள் திறந்து, சில தளங்கள் பாதியில் நின்றால் MTU என்ற இடத்தைப் பார்க்கவும். PPPoE தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்வதால் அங்கே 1500 இருக்கக்கூடாது, 1492 இருக்க வேண்டும். நல்ல ரவுட்டர்கள் தாமே அப்படி வைத்துக்கொள்ளும்.

இனி தெருவைப் பார்த்து நிற்பது நம் ரவுட்டர் ஒன்றே என்பதை மறக்க வேண்டாம். முன்பு தவறுதலாகத் திறந்துவைத்த கதவுகளை மோடம் மறைத்துக்கொண்டிருந்தது. அந்த மறைவு இப்போது இல்லை. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் admin என்றே இருந்தால் அன்றைக்கே மாற்றவும். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்துவைக்கவும். பழைய போர்ட் பட்டியலில் தேவையில்லாததை நீக்கவும். கடைக் கம்ப்யூட்டரின் திரையை வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்கு 3389 என்ற கதவை நேராகத் திறந்துவிடுவது பல கடைகளில் உண்டு. அது கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் அந்தக் கதவைத்தான் ஊர் ஊராகத் தட்டிக்கொண்டு திரிகின்றன. விபிஎன் போட்டு அதன் வழியாக மட்டும் உள்ளே வரவேண்டும்.

பொது எண்ணும் ஒவ்வொரு தடவை இணைப்பு அறுந்து வரும்போது மாறலாம். நிலையான எண்ணுக்குக் கட்டணம் கட்ட விருப்பமில்லாதவர்கள் ரவுட்டரில் உள்ள DDNS வசதியால் எண்ணுக்குப் பதில் ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம். அந்த உறுப்பினர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

நிறுவனம் பிரிட்ஜ் தர மறுத்தால் இரண்டு வழி உண்டு. மோடத்தின் பக்கத்தில் DMZ என்ற இடத்தில் ரவுட்டரின் எண்ணை எழுதினால், ஏட்டில் இல்லாமல் வருவதையெல்லாம் மோடம் ரவுட்டரிடம் தள்ளிவிடும். ரவுட்டருக்கு எப்போதும் அதே எண் கிடைக்குமாறு மோடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு குமாஸ்தாவும் இருப்பார்கள், முன்னவர் கேள்வி கேட்காமல் உள்ளே அனுப்புவார். வெளியிலிருந்து வரும் வேலை நடந்துவிடும்.

மற்றொன்று, தொல்லை முழுவதும் கடைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு. டேப்லட்டுக்கு பில் கம்ப்யூட்டர் தெரியவில்லை, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை என்றால் மோடத்தைத் தொடவே வேண்டாம். ரவுட்டரில் Access Point என்ற முறை இருந்தால் அதை வைத்துவிடவும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டரில் அதன் எண்ணை 192.168.1.2 போல மோடத்தின் வரிசையில் யாருக்கும் கொடுக்காத ஒன்றாக மாற்றி, DHCP-யை அணைத்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை WAN சாக்கெட்டிலிருந்து எடுத்து LAN சாக்கெட்டில் சொருகினால் போதும். ரவுட்டர் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும். கடை முழுதும் ஒரே தெரு ஆகிவிடும். சிறு மளிகைக் கடைகளுக்கு இந்த வழியையே நாங்கள் முதலில் சொல்வோம். நிறுவனத்திடம் கடவுச்சொல் கேட்டு அலைய வேண்டியதில்லை, சரிவராவிட்டால் கேபிளைப் பழைய இடத்தில் சொருகி, ரவுட்டரில் மாற்றியதைத் திருப்பி வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

பிரிட்ஜ் செய்தவர்கள் ஒன்றை எழுதி மோடத்தின் மேலேயே ஒட்டிவைக்கவும்: "பிரிட்ஜில் உள்ளது, ரீசெட் செய்யாதே." பழுது பார்க்க வரும் புது ஆள் மோடத்தை மாற்றினாலோ, நிறுவனம் தொலைவிலிருந்து பழைய அமைப்பை ஏற்றினாலோ அது மறுபடியும் Route முறைக்குப் போய்விடும். அன்று ரவுட்டரின் பக்கத்தில் PPPoE இணைய முடியவில்லை என்று காட்டும், மோடத்தின் அணைத்த வைஃபை பெயர் செல்போனில் திரும்பத் தென்படும். அந்தப் பெயர் தென்பட்டால் முதலில் மோடத்தின் WAN வரியைப் பாருங்கள்.